பக் நாயின் மயக்கத்தில் 98 என்ற எண் சொல்லாதவை

கேள்வி: கால்நடை மருத்துவம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. பக் நாய்க்குக் கருப்பை நீக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் போதும் என்கிறார்கள் எங்கள் கிளினிக்கில். கேப்னோகிராஃபும் இரத்த அழுத்தமும் உண்மையிலேயே தேவையா?

போதாது. நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிளினிக்கில் இதே பதிலைக் கேட்டு, வெளிமூச்சின் கரியமில வாயுவை அளந்து அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபை வாங்கித் தரச் சொல்லி வாதாடித் தோற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மயக்கத்தில் இருக்கும் நாய் தூய ஆக்சிஜனை இழுக்கிறது. அதன் மூச்சு மந்தமாகி, கரியமில வாயுவின் அழுத்தம் 62 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் காற்றை இழுத்திருந்தால் நுரையீரல் காற்றறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 70க்கு இறங்கியிருக்கும். தூய ஆக்சிஜனிலோ அது 600க்கு மேல் நிற்கும். ஆகவே மூச்சு பாதியாகக் குறைந்தாலும் ஆக்சிமீட்டர் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் சேர்கிறதா என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி; நாய் போதுமான அளவு மூச்சு விடுகிறதா என்பதற்கு அல்ல.

வேறொரு கிளினிக்கில், ஒன்பது கிலோ எடையுள்ள ஐந்து வயதுப் பெண் பக் ஒன்றுக்கு நான் மயக்கம் பார்த்த அனுபவத்தைச் சொல்கிறேன். மூச்சுக்குழல் குறுகலாக இருந்ததால், அதே எடையுள்ள நாட்டு நாய்க்குப் போடுவதைவிட இரண்டு அளவு சிறிய டியூபே உள்ளே போனது. வயிற்றைத் திறந்த சிறிது நேரத்தில் கரியமில வாயு 62ஐத் தொட்டது. 35 முதல் 45 வரை இயல்பு, மயக்கத்தில் 50ஐத் தாண்டினாலே நான் காரணம் தேடுவேன். திரையில் அலையின் மேற்பகுதி மேசைபோலத் தட்டையாக இல்லாமல், சுறாவின் துடுப்புபோலச் சரிந்து ஏறியது. வெளிமூச்சு எங்கோ தடைபடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். துணியை விலக்கிப் பார்த்தபோது கழுத்து மடங்கி, சிறிய டியூப் வளைந்திருந்தது. கழுத்தை நேராக்கியதும் அலை தட்டையானது, ஆனால் எண் 58இல் நின்றது. மீதிக் காரணம் மயக்கத்தின் ஆழம். நிமிடத்துக்குப் பத்து முறை பையை அழுத்தி மூச்சு கொடுக்கத் தொடங்கினேன்.

சில நிமிடங்களில் எண் 42க்கு வந்தது. நான் அழுத்தும் வேகமும் அளவும் மாறாமலேயே அது பிறகு 36, 31 என்று இறங்கியபோது, உதவியாளர் “இப்ப நல்லா இருக்கு சார்” என்றார். நல்லதல்ல. திசுக்களில் உண்டாகும் கரியமில வாயுவை நுரையீரலுக்குச் சுமந்து வருவது இரத்தம். மூச்சு மாறாமல் எண் மட்டும் சரிந்தால், இரத்த ஓட்டம் குறைகிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தக் கருவி சராசரி 76 என்று காட்டியது, ஆனால் விரலில் தொடை நாடி நூலாக ஓடியது. பக்கின் குட்டையான முன்னங்காலில் சுற்றியிருந்த கஃப் மிகச் சிறியது. கஃப்பின் அகலம் காலின் சுற்றளவில் சுமார் நாற்பது சதவீதம் இருக்க வேண்டும். குறுகினால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். சரியான கஃப்பைப் பின்னங்காலில் கட்டியபோது சராசரி 54. அறுபதுக்குக் கீழே சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையத் தொடங்கும்.

காரணத்தில் என் கைக்கும் பங்கு இருந்தது. பையை அழுத்தும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கூடவே ஐசோஃப்ளூரேனும் அதிகமாக உள்ளே போய் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. டயலை 2.5இலிருந்து 1.5க்கு இறக்கி, மென்மையாக அழுத்தி, 45 மில்லி திரவத்தைப் பத்து நிமிடத்தில் ஏற்றினேன். சராசரி 68க்கு வந்தது, கரியமில வாயு 41இல் நிலைத்தது. இவ்வளவு நேரமும் ஆக்சிமீட்டர் 98க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை.

கருவி இல்லாமலேயே பல்லாண்டுகள் செய்த மூத்தவர்கள் இதைப் படித்துக் கோபப்படலாம். அவர்கள் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்று கஃப்பை நம்ப வேண்டாம் என்று சொன்னதும் என் விரல்தான். ஆனால் 62 என்ற எண்ணை எந்த விரலும் சொல்லாது.

ஆக்சிமீட்டரின் முறை கடைசியில் வருகிறது. டியூபை எடுத்ததும் அலை திரையிலிருந்து போய்விடும், தூய ஆக்சிஜனும் நின்றுவிடும். நீண்ட மெல்லண்ணம் தொண்டையை அடைத்தால் அந்த எண் உடனே விழும். அதனால் பக் தலையைத் தூக்கி டியூபைக் கடிக்கத் தொடங்கும்வரை நான் அதை எடுப்பதில்லை. எடுத்த பிறகும் நெஞ்சின் மேல் படுக்க வைத்து, நாக்கை முன்னே இழுத்துவிட்டு, முகத்தருகே ஆக்சிஜன் பிடித்து, கிளிப்பைக் காதிலோ உதட்டிலோ மாட்டி வைப்பேன். அன்று ஆக்சிஜனை விலக்கியதும் 91க்கு இறங்கியது. மறுபடி பிடித்து, இன்னும் இருபது நிமிடம் கழித்து விலக்கியபோதுதான் வெறும் காற்றில் 96 நின்றது.