டம்ளர் காபியும் ஃபேட்டி லிவரும்: கேள்வி பதில்

கல்லீரல் நோய்ப் பிரிவில் 14 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். காபியைப் பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

செல்வி, திருச்சி: ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 1-னு வந்திருக்கு. பக்கத்து வீட்டு அக்கா காபியை முதல்ல நிறுத்துன்னாங்க. நிறுத்தணுமா?

வேண்டாம்மா. காபி கல்லீரலைக் கெடுக்கிறது என்று நம்ப ஆய்வுகளில் இடமே இல்லை, அவை காட்டுவது நேர்மாறான திசையை. பிரிட்டனில் யூகே பயோபாங்க் என்ற பெரிய ஆய்வில் ஏறக்குறைய 4.95 லட்சம் பேரைச் சுமார் 11 வருடம் கவனித்தார்கள். 2021-ல் வந்த முடிவில், காபி குடிக்காதவர்களைவிடக் குடிப்பவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய் வரும் வாய்ப்பு 21 சதவீதமும், அந்த நோயால் இறக்கும் வாய்ப்பு 49 சதவீதமும் குறைவாக இருந்தது. தினம் மூன்று நான்கு கப் வரைதான் பலன் கூடியது. அதற்கு மேல் குடித்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை.

49 சதவீதம் என்றதும் மலைத்துப்போக வேண்டாம். அந்த 4.95 லட்சம் பேரில் கல்லீரல் நோயால் இறந்தவர்கள் மொத்தமே சுமார் 300 பேர். சிறிய ஆபத்து இன்னும் சிறியதானது என்பதுதான் அதன் பொருள். நீங்கள் குடிக்கும் காபியை நிறுத்த வேண்டாம், குடிக்காதவர் என்றால் இதற்காகவே பழகிக்கொள்ளவும் வேண்டாம்.

ரமேஷ், கோவை: அப்போ காபி லிவர்ல இருக்கற கொழுப்பைக் கரைச்சிடும்னு சொல்றது சரிதான். நான் தினமும் அஞ்சு டம்ளர் குடிக்கிறேன், எனக்குப் பிரச்சினை இல்லைதானே?

பாதி சரி தம்பி. மீதிப் பாதியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஃபேட்டி லிவரில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, செல்களுக்குள் சேரும் கொழுப்பு. இன்னொன்று, அந்தக் கொழுப்பால் வீக்கம் வந்து, வீக்கம் ஆறும் இடத்தில் விழும் தழும்பு. நாங்கள் ஃபைப்ரோசிஸ் என்போம். தழும்பு முற்றினால்தான் சிரோசிஸ். காபி குடிப்பவர்களிடம் ஆய்வுகள் ஓரளவு உறுதியாகக் காண்பது இந்தத் தழும்பு குறைவாக இருப்பதைத்தான். கொழுப்பைப் பொறுத்தவரை முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. தழும்பை உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடும் ஒரு வழியைக் காஃபீன் அடைக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த விளக்கம் இதோடு பொருந்துகிறது. ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பைக் காபி கரைத்து வெளியேற்றும் என்பதற்கு மட்டும் அப்படி ஆதாரம் இல்லை.

இப்போது உங்கள் அஞ்சு டம்ளருக்கு வருவோம். என்னிடம் ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், 46 வயது, 82 கிலோ. கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி 62. “காபி லிவருக்கு நல்லதுன்னு படிச்சேன் மேடம், அஞ்சாறு டம்ளர் குடிச்சும் குறையலையே” என்று வருத்தப்பட்டார். வீட்டில் போடுகிற மாதிரியே சர்க்கரை போட்டுக் காட்டச் சொன்னேன். டம்ளருக்குக் குவித்து இரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால், ஐந்து டம்ளருக்கு 50 கிராம், 200 கலோரி. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கையாள்வது கல்லீரல்தான், அளவுக்கு மிஞ்சியதைக் கொழுப்பாக்கி வைப்பதும் அதுவேதான். எந்த உறுப்புக்கு நல்லது என்று குடித்தாரோ, அதன் தலையிலேயே தினம் 50 கிராம் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருந்தார். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றினாலும் கல்லீரலுக்குக் கணக்கு பெரிதாக மாறாது.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறைக்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகிவிட்டார். ஐந்து டம்ளரை மூன்றாக்கினார், மாலைக் காபியோடு சாப்பிட்ட பிஸ்கட்டும் நின்றது, இரவுச் சோறு பாதியானது, தினம் முக்கால் மணி நேரம் நடந்தார். ஆறு மாதத்தில் 77 கிலோ, எஸ்ஜிபிடி 38. இதைச் செய்தது காபி இல்லை, இறங்கிய அந்த 5 கிலோ. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். காபியில் அந்த அளவுக்குப் பலன் கிடைத்ததாக எந்த ஆய்வும் எனக்குக் காட்டவில்லை.

உமா, கும்பகோணம்: எங்க வீட்ல 60:40 பொடிதான். அதுவும் காபிக் கணக்குல சேருமா?

பாக்கெட்டில் சின்ன எழுத்தில் காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், பாருங்கள். 60:40 என்றால் பில்டரில் நீங்கள் போடும் 10 கிராம் பொடியில் காபி 6 கிராம்தான். சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்தால் நிறமும் கெட்டித்தன்மையும் தரும், காஃபீன் துளியும் கிடையாது. சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் உணவுச் சட்டம். அந்த எல்லையை ஒட்டியே விற்கும் பொடிகளும் உண்டு.

அதனால் ஆய்வில் சொல்லும் மூன்று கப்பும் உங்கள் மூன்று டம்ளரும் ஒன்றில்லை. அதற்காக ஆறு டம்ளராக்கிவிடாதீர்கள், பாலும் சர்க்கரையும் இரட்டிப்பாகும். 80:20 அல்லது சிக்கரி இல்லாத பொடிக்கு மாறி, டிகாக்ஷனைக் கூட்டிப் பாலைக் குறையுங்கள். எனக்கும் இதுதான் பிடித்த ருசி.

மருந்தாளுநர் ஒருவர், சேலம்: இவை எல்லாமே கவனித்துப் பார்க்கும் ஆய்வுகள். உடம்பு சரியில்லாதவர்கள் காபியை விட்டுவிடுவார்கள், நன்றாக இருப்பவர்கள் தொடர்வார்கள். அப்படியானால் காபியால் கல்லீரல் நன்றாக இருக்கிறதா, கல்லீரல் நன்றாக இருப்பதால் காபி குடிக்கிறார்களா? மரபணுவை வைத்துச் செய்த ஆய்விலும் ஃபேட்டி லிவருக்குத் தெளிவான தொடர்பு வரவில்லையே.

இந்த ஆட்சேபம் நியாயமானது சார், நானும் இதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். ஈரானில் சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் உள்ளவர்களுக்குக் காஃபீனையும் காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தையும் ஆறு மாதம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கல்லீரல் கொழுப்பு குறையவில்லை. சிறிய ஆய்வு, மாத்திரை காபியும் இல்லை, ஆனாலும் அது ஒரு எச்சரிக்கை.

எதிர்ப்பக்கத்திலும் கனமான சாட்சி உண்டு. கலிபோர்னியாவில் கிளாட்ஸ்கி குழு 1.25 லட்சம் பேரை வைத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மதுவால் வரும் சிரோசிஸ், காபியின் அளவு ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தது. தேநீரில் அப்படித் தெரியவில்லை. நாடு மாறியும், கல்லீரல் கெடும் காரணம் மாறியும் ஒரே திசை. அமெரிக்கக் கல்லீரல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலும் தடை ஏதும் இல்லாதவர்களுக்குத் தினம் மூன்று கப் காபியைச் சாதகமாகவே குறிப்பிடுகிறது. தழும்பு விஷயத்தில் காபிக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

மருந்தாளுநர், சேலம்: கணிப்பு என்று சொன்னீர்களே, அது போதும். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

சந்தேகம் இருக்கட்டும் சார். நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை நம் இருவருக்கும் ஒன்றாகத்தான் வரும்.

பாஸ்கர், நெல்லை: லிவரைச் சுத்தம் பண்ணக் காபி எனிமா நல்லதுன்னு வீடியோ பார்த்தேன். அதைத்தானே சொல்றீங்க?

இல்லை, இல்லவே இல்லை. நான் பேசுவது வாயால் குடிக்கும் காபியை. எனிமாவால் குடல் வெந்துபோனவர்களும், உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து இறந்தவர்களும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஜெயந்தி, சென்னை: அப்பாவுக்கு 58 வயசு. எஸ்ஜிஓடி 64, எஸ்ஜிபிடி 58, பிளேட்லெட் 1.52 லட்சம். ஸ்கேன்ல கிரேடு 1-தான். காபி மூணு கப் கொடுத்தாப் போதுமா?

போதாதும்மா. இந்தக் கேள்வியை அனுப்பினது நல்லதாகப் போயிற்று. கிரேடு 1 என்பது கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. அப்பாவிடம் கொழுப்பு குறைவாகவும் தழும்பு அதிகமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு, பெயர் ஃபிப்-4. நீங்கள் அனுப்பிய எண்களே போதும்:

```
வயது × எஸ்ஜிஓடி ÷ (பிளேட்லெட் × √எஸ்ஜிபிடி)
58 × 64 ÷ (152 × 7.62) = 3.2
```

பிளேட்லெட்டை ஆயிரத்தில் போட வேண்டும், அதனால் 1.52 லட்சம் 152 ஆனது. விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை (65 வயதுக்கு மேல் அந்த எல்லை 2). 2.67-க்கு மேல் போனால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு 3.2. எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி அதிகமாக இருப்பதும், பிளேட்லெட் கீழ் எல்லையை ஒட்டி இருப்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. இது சந்தேகத்தைக் காட்டும் கணக்கு, நோயை உறுதிப்படுத்துவது அல்ல. காய்ச்சல் சமயத்தில் எடுத்த ரத்தம் என்றால் எண்கள் மாறியிருக்கும்.

இந்த வாரமே கல்லீரல் மருத்துவரைப் பார்த்து, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். மது பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கட்டும், அது பாட்டுக்கு நடக்கட்டும்.

மருந்தாளுநர், சேலம்: ஒன்று விட்டுவிட்டீர்கள். வடிகட்டாத காபி கெட்ட கொழுப்பை ஏற்றும், நம் பித்தளை பில்டரில் காகிதம் கிடையாதே?

சரியாகப் பிடித்தீர்கள். காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் உண்டு, எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். காகிதம் அதைப் பிடித்து நிறுத்தும், உலோகத் துளைகள் அந்த அளவுக்கு நிறுத்தாது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் சேர்ந்தே வருவதால் எல்டிஎல்லைப் பார்க்காமல் விடக் கூடாது. அது ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களை, பில்டரின் மேல் தட்டில் ஒரு காகித வடிகட்டியை வட்டமாக வெட்டிப் போட்டுப் பொடியை அதன்மேல் கொட்டச் சொல்கிறேன். டிகாக்ஷன் இறங்க இன்னும் கால் மணி நேரம் ஆகும், காலையில் எழுந்து போடுவதற்குப் பதில் இரவே போட்டு வைத்துவிடுங்கள்.