சின்னக் குழந்தைகளோடு முதல் சுற்றுலா: கடலா, மலையா?

"மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு ஒன்றரை. நாங்கள் நான்கு பேரும் முதல்முறையாக மூன்று இரவு வெளியூரில் தங்கப் போகிறோம். கடற்கரைக்குக் காரில் நான்கு மணி நேரம், நேரான சாலை. மலைக்கு ஐந்து மணி நேரம், அதில் கடைசி ஒன்றரை மணி நேரம் முழுக்க வளைவுகள். மகளுக்குக் காரில் சில சமயம் வாந்தி வரும். கணவருக்கு மலை ஆசை, எனக்குக் கடல். பிள்ளைகளுக்கு எது சரிப்படும், டாக்டர்?"

கடற்கரைக்குப் போங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: தண்ணீர் பக்கம் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கூடவே நிற்க உங்கள் இருவராலும் முடிய வேண்டும். முடியாது என்றால் என் பதிலும் மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒன்றரை மணி நேர வளைவுகளைப் பார்ப்போம். கார் திரும்பும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அந்தத் திருப்பத்தை உணர்கிறது. பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கோ முன் இருக்கையின் முதுகுதான் தெரிகிறது, அது அசையாமல் நிற்கிறது. இரண்டு செய்தியும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம், அதனால் உங்கள் மகன் பெரும்பாலும் தப்பித்துவிடுவான். மகள் இந்தத் தொந்தரவு ஆரம்பிக்கும் வயதில் இருக்கிறாள். நேரான சாலையிலேயே சில சமயம் வாந்தி எடுப்பவளுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் நிச்சயம் சோதனைதான். மூன்று இரவுப் பயணத்தில் ஏறும் நாளும் இறங்கும் நாளும் அவளுக்குக் கெட்டுப்போனால் மிச்சம் இரண்டு நாள்தான்.

வாந்திக்கு மாத்திரை, மருந்து எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை வயதையும் எடையையும் பார்த்துத் தரவேண்டியவை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த மருந்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே இவற்றில் சில ஆபத்தானவை, அதனால் அக்காவுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்கும் கொஞ்சம் கொடுப்பது கூடவே கூடாது. நேரான சாலையிலும் சில ஏற்பாடுகள் தேவைப்படும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிடட்டும், வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். அவளுடைய கார் சீட்டைச் சரியாகப் பொருத்த முடிந்தால் பின் இருக்கையின் நடுவில் வையுங்கள், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். கையில் மொபைலோ படப் புத்தகமோ கொடுக்காதீர்கள். வளவளவென்று பேசிக்கொண்டு வந்தவள் திடீரென்று மௌனமாகி, கொட்டாவி விட்டு, முகம் வெளுத்து, எச்சிலை விழுங்க ஆரம்பித்தால் வாந்தி கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே வண்டியை ஓரமாக நிறுத்தி இறக்கி நடக்கவிட்டால் பல நேரம் வராமலே அடங்கிவிடும். மலைப்பாதையில் அப்படி நினைத்த இடத்தில் நிறுத்த முடிவதில்லை.

மகன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது காது. மலையிலிருந்து இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், செவிப்பறை உள்ளே இழுபடும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சரி செய்துகொள்கிறோம். குழந்தைகளுக்கு மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குறுகலானது, சளி பிடித்திருந்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். இறங்கும்போது காரணமே தெரியாமல் வீறிடும் குழந்தைக்குப் பல நேரம் காதுதான் வலிக்கிறது. தாய்ப்பாலோ தண்ணீரோ கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகும்.

உயரத்தைப் பற்றி நிறையப் பெற்றோர் பயப்படுகிறார்கள். 2,500 மீட்டருக்குக் கீழே உள்ள இடங்களில், இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கும் குழந்தைக்கு அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். குளிரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். சமவெளியில் 30 டிகிரி இருக்கும் நாளில் 2,000 மீட்டர் உயரத்தில் 17, 18 தான். ராத்திரி இன்னும் இறங்கும், இந்த வயதுப் பிள்ளைகள் போர்வையை உதறிவிட்டுத் தூங்குவார்கள். அங்கே சில அறைகளில் குளிருக்குக் கரி மூட்டி வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். இதை எந்த வயதினரும் செய்யக்கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ஆனால் நான் கடலைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. மலையில் பெரியவர்களுக்குக் கிடைக்கும் சந்தோஷம் பெரும்பாலும் கண்ணுக்கானது: பள்ளத்தாக்கு, மேகம், தூரத்து முகடு. ஒன்றரை வயதுக்காரனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவன் உலகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் ஒவ்வொன்றுக்கும் மறுபடி காரில் ஏற்றி, பெல்ட் போட்டு, அழவிட்டு, இறக்க வேண்டும். இறக்கிவிட்ட இடத்தில் சரிவும், குழந்தை நுழைந்துவிடக்கூடிய இடைவெளியுள்ள கம்பித் தடுப்பும் இருந்தால் கையைவிட்டு இறக்கவே மனசு வராது. கடற்கரையில் அறையிலிருந்து நடந்து போனால் மணல். ஒரு குட்டி வாளியும் ஒரு கரண்டியும் கொடுத்தால் மூன்றரை வயதுக்காரி நீண்ட நேரம் அங்கேயே உட்கார்ந்து தோண்டுவாள், தம்பி அதைக் கலைத்துக்கொண்டிருப்பான். அவர்களுக்கு அதுதான் சுற்றுலா.

இப்போது அந்த நிபந்தனை. குழந்தை மூழ்கும்போது கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்குள் போய்விட்டால் சத்தம் வராது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம், அதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். உங்கள் முழங்கால் அளவுத் தண்ணீர் ஒன்றரை வயதுக்காரனுக்குக் கிட்டத்தட்ட மார்பு வரை வரும். அலை திரும்பும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போவதால் அவன் நின்ற இடத்திலேயே குப்புற விழுவான். அதனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது போதாது, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போகும்போது "இனி இவனை நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். இரண்டு பேரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்ட அந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. காற்றடைத்த வளையத்தையும் கைப்பட்டையையும் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். அவை விளையாட்டுப் பொருள்கள், கவிழ்ந்துவிடும், நழுவிவிடும்.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தோன்றாதது. கடலைவிடத் தங்கும் இடத்து நீச்சல் குளத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கடலுக்குப் போகும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம். குளத்து விபத்துகளோ பெரும்பாலும் யாருமே நீந்தப் போகாத நேரத்தில் நடக்கின்றன. பெட்டியைத் திறந்து துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்து கிடக்கும், குழந்தை வெளியே நடந்திருக்கும். அறை பதிவு செய்யும் முன் போன் போட்டுக் கேளுங்கள்: அறைக் கதவைத் திறந்தால் குளம் எவ்வளவு தூரம்? குளத்தைச் சுற்றி வேலி உண்டா? அதன் கதவு தானாக மூடிக்கொள்ளுமா? அறைக் கதவுக்கு உள்ளே குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா? குளத்தை ஒட்டிய தரைத்தள அறை பார்க்க அழகாக இருக்கும், உங்களுக்கு வேண்டாம். மாடி அறை கிடைத்தால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்.

வெயிலுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் பிள்ளைகள் மணலில் இருக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் கடற்கரை, ஒன்பது மணி வாக்கில் குளியல், அப்புறம் சாப்பாடு. நடுப்பகலில் மகனுடைய தூக்கம் வருகிறது, வெயில் கடுமையாக இருக்கும் நேரமும் அதுதான். மாலை நிழல் நீண்ட பிறகு மறுபடி மணல். நீளக் கை சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும்தான் முதல் பாதுகாப்பு, மூடாத இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நனைந்த பிறகும் மறுபடி பூசுங்கள். ஊருக்குப் போகும் முன் வீட்டிலேயே முன்னங்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், சிவந்தால் வேறு வாங்க நேரம் இருக்கும்.

டயப்பருக்குள் ஈர மணல் போனால் தொடை இடுக்கு தோலுரிந்துவிடும். துடைக்காமல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒற்றி உலர்த்தி, களிம்பு தடவுங்கள். மகன் ஒரு பிடி மணலைத் தின்றால் பதறாதீர்கள், மலத்தோடு போய்விடும். கண்ணில் விழுந்தால் தேய்க்கவிடாமல் தண்ணீரால் அலசுங்கள்.

பயண நாளில் நான்கு மணி நேரத்தை ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மகனைக் கார் சீட்டிலிருந்து வெளியே எடுத்து நடமாடவிட வேண்டும். அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் கிளம்பினால் முதல் பாதி அமைதியாகக் கழியும்.

என் பதில் எப்போது மாறும்? உங்களில் ஒருவருக்கு வேலை அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும், அல்லது ஒருவர் மட்டும் இரண்டு பிள்ளைகளோடு போகப் போகிறார் என்றால் கடல் வேண்டாம். நடுப்பகலில் வீட்டுக்குள்ளேயே வேகும் உச்சக் கோடையில் போவதாக இருந்தாலும் மலைதான். அப்போது சமதளத்தில் வேலியிட்ட புல்வெளியுள்ள ஒரே இடத்தில் மூன்று இரவும் தங்குங்கள். ஊர் சுற்ற வேண்டாம். வளைவுகள் குறைந்த, உயரம் கம்மியான மலை ஒன்று பக்கத்தில் இருந்தால் உங்கள் கணவரின் ஆசையும் நிறைவேறும்.

எங்கே போவதானாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். கிளம்பும் நாளில் மகனுக்கு வெறும் மூக்கொழுகல் என்றால் கடற்கரைக்குத் தாராளமாகப் போகலாம், மலையாக இருந்தால் காதை நினைத்து யோசிப்பேன். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் எதற்கும் போகாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், காய்ச்சல் மருந்து, எடைக்கேற்ற அளவை எழுதிய சீட்டு மூன்றும் பெட்டியில் போடாமல் கைப்பையில் இருக்கட்டும். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்தில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை எங்கே என்று அறை பதிவு செய்யும் அன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.