ஒரே கட்டுரை, இரண்டு மதிப்பெண்: சரிக்கட்டுவது எப்படி?

கேள்வி: "மண்டபம் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இரண்டு பிரிவு, இரண்டு ஆசிரியர்கள். 8 மதிப்பெண் கட்டுரைக்கு நான் தாராளமாகப் போடுகிறேன் என்கிறார் உடன் பணிபுரியும் டீச்சர். அவர் கறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?"

பதில்: சராசரி போடாதீர்கள். எங்கே, எதனால் பிரிகிறீர்கள் என்பதை அது மறைத்துவிடும். 1912-ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதியை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு வந்த மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை பரவிக் கிடந்தன. அத்தனை பேரின் சராசரியை எடுத்தாலும், யார் எதற்குக் குறைத்தார் என்பது தெரிய வராது.

திருத்தத் தொடங்குமுன் இரு பிரிவிலிருந்தும் சேர்த்து மொத்தம் எட்டுத் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் மடித்து, எண் மட்டும் போடுங்கள். கருத்துக்கு 4, அமைப்புக்கு 2, மொழிக்கு 2 என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் இருவரும் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணை விடைத்தாளில் எழுதாமல் வேறு சீட்டில் எழுதுங்கள். சிவப்பு மையில் 6 என்று பார்த்தபின் 4 போட யாருக்கும் கை வராது. இருவரில் ஒருவர் மூத்தவர் என்றால் அவர் வாய் திறக்குமுன் சீட்டு இரண்டும் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

தலைப்பு 'கடல் தரும் செல்வம்' என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சீட்டில் 6, 5, 7, 4, 6, 3, 5, 6. டீச்சர் சீட்டில் 5, 4, 6, 4, 5, 5, 4, 5. சராசரி உங்களுக்கு 5.25, அவருக்கு 4.75. அரை மதிப்பெண்தானே என்று விட்டுவிடத் தோன்றும். தாள் தாளாகப் பாருங்கள். ஆறு தாள்களில் அவர் சரியாக ஒன்று குறைத்திருக்கிறார். நான்காவதில் இருவரும் ஒரே மதிப்பெண். ஆறாவதில் மட்டும் கதை தலைகீழ், நீங்கள் 3, அவர் 5. இவை இரண்டு வேறு வேறு சிக்கல்கள்.

அந்த ஆறு தாள்களையும் விரித்துப் பார்த்தால், ஒன்றிலும் குறிப்புச்சட்டம் இருக்காது. டீச்சர் அதற்கு அமைப்பில் ஒன்று வெட்டியிருக்கிறார். குறிப்புச்சட்டம் போட்ட நான்காவது, ஆறாவது தாள்களில் வெட்டவில்லை. பிள்ளைகள் சொல்லும் 'கறார்' இவ்வளவுதான். வினாவில் குறிப்புச்சட்டம் கேட்டிருந்தால் நீங்களும் வெட்ட வேண்டும், கேட்கவில்லை என்றால் அவர் வெட்டக்கூடாது. ஒரு வரியில் எழுதிக்கொண்டால் அந்த ஆறும் ஒன்றுபடும்.

ஆறாவது தாள்தான் உட்கார்ந்து பேச வேண்டியது. கையெழுத்து கோணல், ஒற்றுப்பிழை நிறைய. ஆனால் வாடை காலத்தில் வடகடல் கலங்கும், அப்போது வத்தை என்ற படகைத் தென்கடல் பக்கம் கொண்டுபோவார்கள், பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்த மாதம் வேலை இல்லை, 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி ஓடும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இரு சீட்டிலும் அமைப்பு 1, மொழி 1. கருத்தில் மட்டும் நீங்கள் 1, டீச்சர் 3. பிழைக்காக மொழியில் ஒரு முறை குறைத்தீர்கள், அதே எரிச்சலில் கருத்திலும் இன்னொரு முறை குறைத்துவிட்டீர்கள். கட்டுரைத் திருத்தத்தில் அடிக்கடி நடக்கும் சாய்வு இது. பிள்ளைகளை மிகவும் பாதிப்பதும் இதுவே என்பேன். அழகான கையெழுத்துக்கு இதே சாய்வு மறுபக்கமாக வேலை செய்யும், வெறும் பொதுப்பேச்சு கருத்தாகத் தெரியும்.

டீச்சர் பக்கமும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். அவர் கரையூர்க்காரர் என்றால், பழகிய பேச்சு என்பதால் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். கடலே பார்க்காதவர் படித்தாலும் தலைப்புக்கு உரிய செய்திகள் அந்தத் தாளில் கிடைக்கின்றனவா என்று வரியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் 3 நிற்கும், மொத்தம் 5. இருவரும் இறங்கிவந்து 4 போடுவது தவறு, அந்த 4-க்கு இருவரிடமும் காரணம் இல்லை. வத்தை, வாடை போன்ற வட்டார வழக்குப் பெயர்ச்சொற்கள் பிழையல்ல என்பதையும் குறிப்புச்சட்டம் பற்றி எழுதிய அந்த வரியோடு சேர்த்துவிடுங்கள்.

இதன்பின் மிச்சத் தாள்களை இரு பிரிவையும் கலந்து திருத்துங்கள். ஒரு நல்ல கட்டுரையை அடுத்து வரும் சுமாரானது இன்னும் மோசமாகத் தோன்றும், கலந்துவிட்டால் அந்தப் பாதிப்பு ஒரே பிரிவின் மேல் விழாது. 8-க்கு ஒரு மதிப்பெண் வித்தியாசம் இயல்பானது, இரண்டு வந்தால் மட்டும் சேர்ந்து பாருங்கள். எட்டுத் தாளில் ஒத்துப்போனவர்கள் முப்பதாவது தாளில் களைப்பில் விலகிவிடுவது உண்டு. அதனால் அந்த எட்டில் ஒன்றின் நகலை, மதிப்பெண் இல்லாமல், கட்டின் நடுவில் செருகிவையுங்கள். முன்பு ஒப்புக்கொண்டதற்கும் இப்போது போட்டதற்கும் இரண்டு வித்தியாசம் வந்தால், அதற்கு முன் திருத்திய பத்துத் தாள்களைத் திரும்ப எடுக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகளின் கையெழுத்து உங்களுக்கு மனப்பாடம், பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். இதற்கு இருவருக்குள் தீர்வு இல்லை. பாம்பன் பக்கமோ உச்சிப்புளி பக்கமோ ஒரு பள்ளியுடன் பேசி, பருவத்துக்கு ஒருமுறை பத்துத் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்.