நாளுக்கு இவ்வளவுதான்: விலை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: சேலம் ஐந்து ரோடு அருகே போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் படிப்பகம் நடத்துகிறேன். மாதக் கட்டணம் 600 ரூபாய். பலகையில் ‘நாளுக்கு 20 ரூபாய்’ என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் 600 என்ற எண் அதே வரியில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை என்றால் மாணவர் வருவது 26 நாள்தான். அப்போது நாள் விலை 23 ரூபாய். திறக்காத நாளையும் சேர்த்து வகுக்காதீர்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ‘நாளுக்கு 60 ரூபாயில் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு’ என்று ஒரு முகவர் சொல்கிறார். இது மலிவா?

பதில்: காப்பீட்டுத் தொகை எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர், மூத்தவரின் வயது என்ன, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று எதையுமே எழுதாமல் மலிவா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? 60 ரூபாயை 365-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 22,000 ரூபாய் வருகிறது. அந்த ஆண்டுத் தொகையை மற்ற இரண்டு நிறுவனங்களின் ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு மீண்டும் எழுதுங்கள். நாள் விலையை வைத்துக் காப்பீட்டை ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: அம்மாபேட்டையில் வசிக்கிறோம், கணவர் கைத்தறி நெசவாளர். ‘நாளுக்கு 13 ரூபாய், ஒரு டீயை விடக் குறைவு’ என்ற நோட்டீசைப் பார்த்துக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்குக் கையெழுத்துப் போட்டோம். கருவியைப் பொருத்திய பிறகு, மூன்று ஆண்டுத் தொகை 14,200 ரூபாயை ஒரே தவணையில் கேட்கிறார்கள். ஃபில்டர் மாற்றும் செலவு தனியாம். நடுவில் நிறுத்தினால் பணம் திரும்பாதாம். ஏமாந்துவிட்டோமா?

பதில்: உங்களைத் திட்டமிட்டுத் திசைதிருப்பியிருக்கிறார்கள். இந்தத் தேநீர்க் கணக்கைப் பற்றி நான் பலமுறை எழுதியிருந்தாலும், உங்கள் கடிதத்துக்காக மறுபடியும் விரிவாக எழுதுகிறேன்.

இந்த உத்தி ஏன் பலிக்கிறது என்பதை ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஜான் கூர்வில் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார். ஆண்டுக்கு இவ்வளவு என்று பெரிய தொகையாகச் சொன்னால், மனம் அதைப் பள்ளிக் கட்டணம், பண்டிகைத் துணி போன்ற பெரிய செலவுகளின் வரிசையில் வைத்து எடைபோடுகிறது. அதையே நாளுக்கு இவ்வளவு என்று சொன்னால், தேநீர், பேருந்துக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகளின் வரிசையில் வைத்து, எடைபோடாமலேயே விட்டுவிடுகிறது. செலுத்தும் தொகை மாறவில்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மட்டும் மாறிவிட்டது.

இதையே மோசடி என்று சொல்ல மாட்டேன். நாள் வாடகைக்குச் சைக்கிள் விடுபவர் நாள் விலைதான் சொல்ல முடியும். பணம் வாங்கும் முறையும் விலை சொல்லும் முறையும் விலகும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. தேநீருக்கான பணத்தை நீங்கள் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானித்துக் கொடுக்கிறீர்கள். கையில் காசு இல்லாத நாளில் குடிக்காமல் இருந்துவிடலாம். இந்தக் கருவிக்கோ 1,095 நாளுக்கான தீர்மானத்தை ஒரே கையெழுத்தில் எடுக்க வைத்திருக்கிறார்கள். பாவு அறுத்துக் கொடுத்தால்தான் கூலி என்று வாழும் வீட்டில் 14,200 ரூபாய் என்பது எத்தனை பாவின் கூலி என்று உங்கள் கணவருக்குத் தெரியும். நோட்டீசு அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டது என்பதே என் கோபம்.

அவர்கள் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அது நிற்கவில்லை. ஃபில்டர் மாற்ற ஆண்டுக்குச் சுமார் 2,000 ரூபாய் என்று வைத்தால், மூன்று ஆண்டுக்கு 6,000 சேர்ந்து மொத்தம் 20,200 ஆகிறது. அதை 1,095-ஆல் வகுத்தால் நாளுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல் வருகிறது. நம் ஊர்க் கடைகளில் ஒரு தேநீர் 12 முதல் 15 ரூபாய் வரை விற்கும்போது, ‘டீயை விடக் குறைவு’ என்ற வாக்கியம் பொய்யாகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கருவியை வாங்கியதால் நீங்கள் தேநீரை நிறுத்தப் போவதில்லை. தண்ணீர்க் கேனைத்தான் நிறுத்துவீர்கள். ஆகவே நேர்மையான ஒப்பீடு கேனோடுதான் இருக்க வேண்டும். 35 ரூபாய்க் கேன் மூன்று நாளுக்கு வரும் என்றால் நாளுக்குச் சுமார் 12 ரூபாய். அதுவும் எந்த நாளிலும் நிறுத்திக்கொள்ளக்கூடிய செலவு. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் பெரிதாகி இரண்டு நாளுக்கு ஒரு கேன் என்றானால் கணக்கு நெருங்கிவிடும். தினம் ஒரு கேன் என்றால் கருவியே மேல். விற்பவர் கேனைச் சொல்லாமல் தேநீரைச் சொன்னதற்குக் காரணம், கேனைச் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டிருப்பீர்கள் என்பதுதான்.

செய்ய வேண்டியது இது. முழுத் தொகையைக் கட்டாதீர்கள். நோட்டீசு, கையெழுத்திட்ட படிவம், ரசீது மூன்றையும் பத்திரப்படுத்தி, மொத்தத் தொகையை முன்கூட்டியே சொல்லவில்லை என்றும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய விரும்புகிறீர்கள் என்றும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். விலையைப் பற்றித் தவறாக எண்ண வைப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைக்குள் வரக்கூடியது. சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. கையெழுத்துப் போட்டிருப்பதால் வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். நோட்டீசில் மொத்தத் தொகை எங்கும் இல்லை என்பதே உங்களுக்குள்ள பலம்.

கேள்வி: கன்னங்குறிச்சி அருகே மனை விற்கிறோம். ‘நாளுக்கு 340 ரூபாயில் ஏற்காடு அடிவாரத்தில் சொந்த மனை’ என்ற விளம்பரத்துக்கு அழைப்பே வரவில்லை. ஏன்?

பதில்: மேலே சொன்ன அதே ஆய்வின் மறுபாதி இது. நாள் தொகை சில்லறையாக இருக்கும்வரைதான் இந்த முறை உதவும். பெரிதானால் எதிராகத் திரும்பும். தினமும் 340 ரூபாய் சில்லறையாகச் செலவழிக்கும் வீடு ஏது? ஆகவே படிப்பவருக்கு அது ஓயாத பாரமாகத் தெரிகிறது. மாதம் சுமார் 10,000 என்று சொல்லி, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, பத்திரச் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்து, அரைக் கிலோ தூளை 400 ரூபாய்க்கு விற்கிறோம். ‘ஒரு கப் 8 ரூபாய், கடை டீயை விட மலிவு’ என்று பொட்டலத்தில் அச்சிட நினைக்கிறோம்.

பதில்: முதல் பாதியை அச்சிடுங்கள், இரண்டாம் பாதியை அழியுங்கள். கப்புக்குப் பத்துக் கிராம் வீதம் ஐம்பது கப் என்பது நியாயமான கணக்கு. ‘பத்துக் கிராம் தூளுக்கு’ என்று கூடவே குறிப்பிடுங்கள். வாங்குபவர் உண்மையில் கப் கப்பாகத்தான் குடிக்கிறார் என்பதால், கப் விலை அவருக்குப் பயனுள்ள தகவல். ஆனால் கடைத் தேநீரின் விலைக்குள் பாலும் சர்க்கரையும் எரிவாயுவும் ஆற்றிக் கொடுப்பவரின் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. உங்கள் எட்டு ரூபாய்க்குள் தூள் மட்டுமே இருக்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் வீட்டுக் காப்பியும் பதினான்கு, பதினைந்து ரூபாயைத் தொட்டுவிடும். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் வேறு காப்பித் தூளின் கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். சிக்கரி கலக்காத தூள் என்றால் அதையும் பொட்டலத்தின் முகப்பில் போடுங்கள்.