டவர் பேட்டரி தீரும்போது

ஏற்காட்டில் கரண்ட் போய் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போயிடுதே, ஏன்?

கரண்ட் போனதும் டவர் 48 வோல்ட் பேட்டரி வரிசைக்கு மாறிவிடும். 600 ஆம்பியர்-மணி பேட்டரி, 60 ஆம்பியர் இழுக்கும் டவர் என்றால் கணக்குப்படி 10 மணி நேரம் வர வேண்டும், ஆனால் பழசாகிப் பாதித் திறன் போன பேட்டரி 5 மணி நேரம்கூடத் தாங்காது. வோல்டேஜ் இறங்க இறங்க, பல டவர்களில் அதிகம் இழுக்கும் 4ஜி, 5ஜி கருவிகள் சிலவற்றை முதலில் அணைத்துவிடுவார்கள், அதனால்தான் நெட் படுத்தபின்னும் சில நேரம் கால் மட்டும் போகும். சுமார் 43 வோல்ட்டில், பேட்டரி கெடாமலிருக்க, இணைப்பு தானாகவே துண்டாகிவிடும். அப்புறம் உங்கள் போன் தூரத்து டவரைத் தேடிப் பிடித்து ஒரு கோடு காட்டும்; நடுவே மலை மறைத்தால் அதுவும் இல்லை. டீசல் ஜெனரேட்டர் உள்ள டவர் தப்பிக்கும், ஆனால் மழையில் மலைப்பாதை அடைபட்டுவிட்டால் டீசல் வண்டி மேலே வர முடியாது.