முயலின் பல்லைத் தேய்ப்பது எது?

முயல், எலிகளின் முன்பற்கள் ஏன் நிற்காமல் வளர்கின்றன? உணவால் தேயுமா?

நம் பல்லின் வேர்நுனி வளர்ச்சி முடிந்ததும் குறுகிவிடுகிறது. இவற்றின் முன்பல்லுக்கோ அடிப்பகுதி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கிறது. அங்குள்ள குருத்தணுக்கள் புதிய பல்லை உருவாக்கி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. முயலுக்கு வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். எலியின் முன்பல்லில் எனாமல் முன்பக்கம் மட்டுமே. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் விளிம்பு உளிபோல் கூராகவே நிற்கிறது. மேல், கீழ்ப் பற்கள் உரசிக்கொள்வதாலும் தேய்கின்றன.

முயலுக்குக் கடைவாய்ப்பற்களும் வளரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புல்லையும் உலர்புல்லையும் பக்கவாட்டில் நெடுநேரம் அரைத்தால்தான் அவை தேயும். குருணைத் தீவனமோ சில கடிகளிலேயே நொறுங்கிவிடும். அதை மட்டுமே கொடுத்தால் கடைவாய்ப்பற்கள் நீண்டு, முன்பற்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளையும். எச்சில் வடிந்து முகவாய் நனைந்தே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நகவெட்டியால் நறுக்காதீர்கள், பல் நெடுக்காகப் பிளந்துவிடும்.