இட்லிப் பொடிக்கு பேட்ச் நோட்டு: எழுதி விற்பவரிடம் வாங்காதீர்கள்

கேள்வி: "திருமங்கலம் பக்கம் வீட்டை ஒட்டின ஷெட்டில் இட்லிப் பொடி செய்கிறோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தபோது பேட்ச் ரெக்கார்டு கேட்டார். எங்களிடம் இல்லை. லைசென்ஸ் எடுத்துத் தந்த ஏஜென்ட், 'எட்டாயிரம் குடுங்க, ஆறு மாசத்துக்கு எழுதியே தர்றேன்' என்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அந்த மாதிரி நோட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. 18 கிலோ சாமான் போட்டால் 18 கிலோ பொடி வந்ததாக எழுதியிருக்கும். வறுத்தால் ஈரம் போகும், அரைத்தால் மெஷினில் ஒட்டும். எடை குறையாத இட்லிப் பொடி எந்த ஊரிலும் கிடையாது. அலுவலருக்கு அந்த ஒரு வரி போதும்.

இதற்கென்று அரசு அச்சடித்த படிவம் எதுவும் இல்லை. 2011ஆம் ஆண்டு லைசென்ஸ் விதிமுறைகள் உற்பத்தி, மூலப்பொருள் பயன்பாடு, விற்பனை மூன்றுக்கும் தினசரிக் கணக்கு கேட்கின்றன. அதை எளிய தமிழில் ஒரு மாதிரிப் பக்கமாகப் போட்டுக் கொடுத்திருந்தால் ஏஜென்ட்களுக்கு இந்தப் பிழைப்பே இருந்திருக்காது. யார் கேட்பது! நாற்பது பக்க நோட்டு வேண்டாம்; பேட்சுக்கு ஒரு பக்கம் போதும்.

பக்கத்தின் தலையில் தேதி, பேட்ச் எண். கீழே எடை போட்டதை எடை போட்ட கையோடு எழுதுங்கள்: உளுந்து 8 கிலோ, கடலைப்பருப்பு 4, மிளகாய் 2.5, எள் 2, உப்பு 1.5, பெருங்காயம் 200 கிராம். மொத்தம் 18.2 கிலோ. வறுத்து ஆறிய பிறகு எல்லாம் சேர்த்து 17 கிலோ. ஆக வறுப்பில் போனது 1.2. அரைத்துச் சலித்தபின் கையில் 16.75, மெஷினிலும் சல்லடையிலும் நின்றது கால் கிலோ. 200 கிராம் பாக்கெட் 83 போட்டால் 16.6 கிலோ, மீதி 150 கிராமை பேட்ச் எண் எழுதி மாதிரியாக எடுத்து வையுங்கள். லேபிளுக்கும் இதே கணக்குதான். 90 எடுத்தோம், 83 ஒட்டினோம், 3 கிழிந்தது, 4 திரும்பியது. நாலைந்து பேட்ச் எழுதினாலே உங்கள் வழக்கமான சேதாரம் எவ்வளவு என்று பிடிபடும். ஒரு நாள் திடீரென்று ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ எடை தப்பியிருக்கிறது, இல்லை ஒரு சாமான் விட்டுப்போயிருக்கிறது. அந்த பேட்சை வெளியே அனுப்பாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது மூட்டை மாறும் இடத்தில். மதுரை கீழமாசி வீதிக் கடை பில்லில் லாட் எண்ணெல்லாம் பெரும்பாலும் இருக்காது. மூட்டை வந்து இறங்கியதும் நீங்களே மார்க்கரில் 'எள்-14', 'எள்-15' என்று எழுதி, பில்லிலும் அதையே குறித்துவிடுங்கள். இன்றைக்கு 14இல் 1.3 கிலோதான் மிச்சம், 15ஐப் பிரித்து 700 கிராம் சேர்த்தீர்கள் என்று வையுங்கள். நோட்டில் எள் இரண்டு வரியாக வரவேண்டும். 'எள் 2 கிலோ, 14' என்று ஒரே வரியில் முடித்தால், இரண்டு மாதம் கழித்துச் சிக்கு வாடை என்று புகார் வரும்போது நீங்கள் 14ஐத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கெட்டுப்போன 15 அடுத்த மூன்று பேட்சிலும் போய்க் கடைகளில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வரி இருந்தால் 15 போன பேட்ச்களை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

சோதனையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சல்லடையை அரைப்பதற்கு முன்னும் பார்க்கவேண்டும், முடித்த பின்னும் பார்க்கவேண்டும். முடித்தபின் கம்பி அறுந்திருந்தால் அந்த பேட்ச் முழுவதையும் தனியே நிறுத்தி, புதுச் சல்லடையில் மறுபடி சலித்து, காந்தமும் ஓட்டி, அதையும் எழுதுங்கள். முன்னால் மட்டும் டிக் போட்டால் கம்பித் துண்டு எந்தப் பாக்கெட்டில் போனது என்று யாருக்கும் தெரியாது. பாக்கெட் எடையும் சீலும் நடுநடுவே பார்த்து, பார்த்த நேரத்தை எழுதினால் போதும்.

கையெழுத்து விஷயத்தில், எடை போட்டவரே சரிபார்த்தவராகவும் இருக்கக்கூடாது. நீங்கள் எடை போட்டால் வீட்டுக்காரர் தராசைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். 'விற்பனைக்கு அனுப்பலாம்' என்ற கடைசிக் கையெழுத்து பக்கம் முழுவதையும் படித்த பிறகு. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வொயிட்னர் வீட்டிலேயே வேண்டாம்.

போன ஆறு மாதத்துக்கு எதையும் எழுதாதீர்கள். இருக்கிற கொள்முதல் பில்லையும் விற்பனை பில்லையும் அடுக்கி வைத்து, 'இன்ன தேதியிலிருந்து எழுதுகிறோம்' என்று அலுவலரிடம் சொல்லுங்கள். ரெக்கார்டு இல்லாததற்குத் திருத்திக்கொள்ள அவகாசம் தரும் நோட்டீஸ் கொடுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பொய்த் தகவல் கொடுத்தால் அது 61ஆம் பிரிவு. அங்கே மாட்டப்போவது நீங்கள், ஏஜென்ட் அல்ல. எழுதிய பக்கங்களை ஒரு வருடம் வையுங்கள். பொடியின் ஆயுட்காலம் அதைவிடக் கூடுதலென்றால் அதுவரை.